பிரசவத் தேதி ஏன் மாறுகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தேதிக் கணக்கு பற்றியவைதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கடைசியாக மார்ச் மாதம் பீரியட்ஸ் வந்தது. எப்போது பிரசவம் ஆகும்?

மார்ச் மாதத்தில் 31 நாட்கள் இருக்கின்றன. எந்த நாள் என்று எழுதாமல் என்ன கணக்குப் போடுவது? இப்படி ஏழெட்டுக் கடிதங்கள் வந்துள்ளன. ரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாள்தான் எல்எம்பி. நின்ற நாளும் அல்ல, நாள் தள்ளிப்போனது தெரிந்த நாளும் அல்ல. அந்தத் தேதியோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டுங்கள். ஜூன் 20 என்றால் அடுத்த மார்ச் 27. சுழற்சி 28 நாள் என்றும், கருமுட்டை 14-ஆம் நாள் வாக்கில் வெளியாகிறது என்றும் வைத்துக்கொண்டு போடும் கணக்கு இது.

எல்எம்பி மே 1. டாக்டர் பிப்ரவரி 8 என்றார். போனில் இருக்கும் ஆப் பிப்ரவரி 5 என்கிறது. எது தவறு?

இரண்டும் சரி. டாக்டர் 9 மாதம் 7 நாள் கூட்டினார், ஆப் 280 நாட்களை ஒவ்வொன்றாக எண்ணியது. எல்லா மாதமும் ஒரே நீளம் இல்லை என்பதால் மூன்று நாள் வரை வித்தியாசம் வரும். இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான்.

எனக்கு எப்போதுமே 40 நாளைக்கு ஒருமுறைதான் வரும். எல்எம்பி ஜனவரி 10, அதனால் அக்டோபர் 17 என்றார்கள். மார்ச் 14 அன்று முதல் ஸ்கேன் எடுத்தபோது, ஒன்பது வாரம் இருக்க வேண்டிய கரு ஏழு வாரம்தான் இருக்கிறது என்று சொல்லி, தேதியை அக்டோபர் 29-க்கு மாற்றிவிட்டார்கள். குழந்தை வளரவில்லையோ என்று தூக்கமே வரவில்லை.

நிம்மதியாகத் தூங்குங்கள். பதில் உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது.

கருமுட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிடாய் வருவதற்கான இடைவெளி பெரும்பாலும் 14 நாள்தான். பெண்ணுக்குப் பெண் அதிகம் மாறுவது அதற்கு முந்தைய பகுதி. 28 நாள் சுழற்சிக்காரருக்கு முட்டை 14-ஆம் நாள் வெளியாகிறது என்றால், 40 நாள் சுழற்சி உள்ள உங்களுக்கு 26-ஆம் நாள் வாக்கில்தான் வெளியாகியிருக்கும். 12 நாள் தாமதம். வழக்கமான கணக்குக்கு இது தெரியாது, உங்களையும் 28 நாள்காரராகவே நினைத்து அக்டோபர் 17 என்றது. அதோடு 12 நாளைக் கூட்டிப் பாருங்கள், 29 வருகிறது.

ஸ்கேன் இதைத்தான் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதத்தில் கருவின் தலை முதல் பிட்டம் வரை உள்ள நீளத்தை அளப்பார்கள். ரிப்போர்ட்டில் சிஆர்எல் என்று போட்டிருக்கும். உங்களுடையது 11 மி.மீ. வாக்கில் இருந்திருக்கும், ஏழு வாரத்துக்கு அது சரியான அளவு. இந்தக் கட்டத்தில் எல்லாக் கருக்களும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில், நாளுக்கு ஒரு மி.மீ. போல வளர்கின்றன. அப்பா உயரமா அம்மா குட்டையா என்பதெல்லாம் அப்போது அளவில் தெரிவதில்லை. அதனால்தான் சிஆர்எல்லை வைத்துச் சொல்லும் வயது ஐந்து முதல் ஏழு நாளுக்குள் சரியாக இருக்கும்.

ஒன்பது வாரத்துக்கு முன்னால் எடுத்த ஸ்கேனில் ஐந்து நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அல்லது ஒன்பதிலிருந்து 14 வாரத்துக்குள் ஏழு நாளுக்கு மேல் இருந்தால், ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். அதைவிடக் குறைவு என்றால் எல்எம்பி தேதியே நிற்கும். உங்களுக்கு 12 நாள், அதனால் மாற்றியது நியாயம். இதயத் துடிப்பு தெரிந்ததா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். துடிப்பு இருந்து, சுழற்சியும் நீளம் என்றால், "வளரவில்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை. துடிப்பு தெரியவில்லை என்று எழுதியிருந்தால், ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். தவறாமல் போங்கள். எப்படியானாலும் அந்த முதல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கல்யாணம் ஆனது பிப்ரவரி 2. மார்ச் 16 அன்று ஸ்கேனில் எட்டு வாரக் கரு என்கிறார்கள். ஆறு வாரம்தானே ஆகிறது? (கணவர் ஒருவர்)

சந்தேகப்பட இதில் எதுவும் இல்லை. மருத்துவர்கள் கர்ப்பத்தின் வயதைக் கரு உருவான நாளிலிருந்து எண்ணுவதில்லை. அந்த நாள் பலருக்கும் தெரியாது என்பதால் எல்எம்பியிலிருந்து எண்ணுகிறார்கள். ஸ்கேன் இயந்திரமும் அதே கணக்கில்தான் வாரம் சொல்கிறது. எட்டு வாரக் கர்ப்பம் என்றால் கரு உருவாகி ஆறு வாரம். நீங்கள் சொன்ன தேதிக்கு அப்படியே பொருந்துகிறது. இதை வைத்து மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் இன்றே மன்னிப்புக் கேளுங்கள்.

எட்டாவது மாதம் நடக்கிறது. 9 வாரத்தில் எடுத்த முதல் ஸ்கேன் எல்எம்பியோடு பொருந்தியது, நவம்பர் 5 என்று தேதி கொடுத்தார்கள். இப்போது 34 வாரத்தில் எடுத்ததில் நவம்பர் 21 என்று வந்திருக்கிறது. புதுத் தேதிக்கு ஏற்ப எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். சரிதானே?

சரியில்லை. தயவுசெய்து பழைய தேதிக்கே திரும்புங்கள், அப்புறம் இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். இதை நான் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். ஏனென்றால் இந்த ஒரு தவறால் கவனிக்க வேண்டிய குழந்தைகள் கவனிக்கப்படாமல் போகிறார்கள்.

34 வாரத்தில் இயந்திரம் என்ன செய்கிறது? குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பு மூன்றையும் அளக்கிறது. இந்த அளவு சராசரிக் குழந்தைக்கு எத்தனை வாரத்தில் இருக்கும் என்று அட்டவணையில் தேடுகிறது. உங்கள் விஷயத்தில் 31 வாரம் 5 நாள் என்று கிடைத்திருக்கும். அதை வைத்து 40 வாரம் எப்போது முடியும் என்று தானாகவே கணக்குப் போட்டு நவம்பர் 21 என்று அச்சடித்துவிடுகிறது. அந்த இயந்திரத்துக்கு உங்கள் முதல் ஸ்கேனைப் பற்றி எதுவும் தெரியாது. அது உண்மையில் சொல்வது ஒன்றுதான்: இந்தக் குழந்தை சராசரி 31 வாரக் குழந்தையின் அளவில் இருக்கிறது. அது வயதல்ல, அளவு.

முதல் மூன்று மாதத்தில் அளவை வைத்து வயது சொல்லலாம், எல்லாக் கருவும் ஒரே வேகத்தில் வளர்வதால். கடைசி மூன்று மாதத்தில் அப்படி இல்லை. ஒன்று இயல்பிலேயே சிறியதாக இருக்கும், ஒன்றுக்கு நஞ்சுக்கொடியிலிருந்து சத்து சரியாகப் போகாது, தாய்க்குச் சர்க்கரை இருந்தால் இன்னொன்று பெருத்துப்போகும். அதனால் அந்த நேரத்து ஸ்கேன் சொல்லும் வயதில் மூன்று வாரம் வரை பிசகு வரலாம். ஐந்தாறு நாள் பிசகுள்ள தேதியைத் தூக்கிப்போட்டுவிட்டு மூன்று வாரம் பிசகுள்ள தேதியை எடுப்பது என்ன நியாயம்?

தேதியை மாற்றியதால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். வயது உறுதியாகத் தெரியும், 34 வாரம். அளவு இரண்டு வாரத்துக்கு மேல் பின்தங்கியிருக்கிறது. டாக்டர் உடனே கேட்க வேண்டிய கேள்வி, குழந்தை ஏன் சிறியதாக இருக்கிறது என்பது. எடை, அந்த வாரத்துக் குழந்தைகளில் எந்த சதமானத்தில் வருகிறது? வயிற்றுச் சுற்றளவு மட்டும் குறைவா, தலையும் சேர்ந்தா? பனிக்குட நீர் போதுமா? தொப்புள்கொடி ரத்த ஓட்டம் டாப்ளரில் எப்படி? இரண்டு மூன்று வாரம் கழித்து அளந்தால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது? பெற்றோர் சிறிய உடல்வாகு என்றால் எல்லாம் நன்றாகவே இருக்கலாம். ஆனால் தேதியை நவம்பர் 21 ஆக்கியதும் குழந்தை காகிதத்தில் இயல்பான அளவுக்கு வந்துவிட்டது, இந்தக் கேள்விகள் எதுவும் எழவில்லை. வளர்ச்சி குன்றிய குழந்தை இப்படித்தான் கண்ணில் படாமல் போகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சர்க்கரையால் பெருத்த குழந்தையைப் பார்த்து தேதியை முன்னால் இழுத்து, 38 வாரம் முடிந்தது என்று நினைத்து வலி வரவைத்தால், பிறப்பது 35 வாரக் குழந்தையாக இருக்கும். மூச்சுத் திணறலோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்.

முதல் மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுத்துத் தேதி நிர்ணயித்துவிட்டால், அப்புறம் வரும் எந்த ஸ்கேனும் அதை மாற்றக் கூடாது. ரிப்போர்ட்டில் எத்தனை தேதி அச்சாகியிருந்தாலும் சரி. முதல் ரிப்போர்ட்டை ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள், வேறு டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

ஏப்ரல் 5-இல் ஒரு நாள் மட்டும் லேசாகப் பட்டது. அதை எல்எம்பி என்று சொன்னேன். மே 17 ஸ்கேனில் ஆறு வாரத்துக்குப் பதில் பத்து வாரம் என்கிறார்கள். அதற்கு முன் மார்ச் 8-இல் வழக்கம்போல் வந்தது.

மார்ச் 8-தான் உங்கள் எல்எம்பி. அதிலிருந்து மே 17 வரை எண்ணினால் சரியாகப் பத்து வாரம். ஏப்ரல் 5-இல் பட்டது மாதவிடாயே அல்ல, கர்ப்பத்தின் ஆரம்பத்தில் சிலருக்கு வரும் லேசான ரத்தக் கசிவு. பிரசவத் தேதி ஜனவரி நடுவில் அல்ல, டிசம்பர் நடுவில். வழக்கத்தைவிடக் குறைவாக, வேறு மாதிரி ரத்தம் பட்டிருந்தால் டாக்டரிடம் தேதியோடு அதையும் சொல்லுங்கள் என்று எத்தனை முறை சொல்வது!

தாய்ப்பால் கொடுக்கும்போதே, மாதவிடாய் திரும்ப வராமலே கர்ப்பமாகிவிட்டேன். எதை வைத்துக் கணக்கிடுவது?

ஸ்கேன் மட்டும்தான் வழி. 14 வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். தள்ளிப்போடப் போட தேதி தளர்ந்துகொண்டே போகும். முதல் ஸ்கேனே ஏழாம் எட்டாம் மாதம் என்றால், கிடைக்கும் தேதிக்கு முன்னும் பின்னும் மூன்று வாரம் விட்டுத்தான் பேச முடியும்.

ஐவிஎஃப் மூலம் கர்ப்பம். எல்எம்பி எது?

உங்களுக்கு அது தேவையில்லை. ஐந்து நாள் கருவை வைத்திருந்தால் வைத்த நாளோடு 261 நாள் கூட்டுங்கள், மூன்று நாள் கரு என்றால் 263. ஸ்கேன் ஓரிரு நாள் வேறு சொன்னாலும் இதுவே நிற்கும்.

தேதி தாண்டி நான்கு நாள் ஆகிவிட்டது, வலி வரவில்லை. ஆபத்தா?

எந்தத் தேதி தாண்டி? முதல் ஸ்கேன் தேதியா, கடைசி ஸ்கேன் தேதியா? அதை எழுதவில்லை. முதல் ஸ்கேன் தேதி என்றால், நான்கு நாள் என்பது 40 வாரம் 4 நாள், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். 41 வாரம் நெருங்கும்போது வலி வரவைப்பதைப் பற்றி டாக்டர் பேசுவார், 42-ஐத் தாண்ட விடுவதில்லை. குழந்தையின் அசைவு குறைந்தால் தேதி எதுவாக இருந்தாலும் காத்திருக்காமல் அன்றே போங்கள்.