எண்ணைக் கடைசியில் போடுங்கள்

கேள்வி: அப்பா மறதி நோயோடு வாழ்ந்த கடைசி நான்கு வருடங்களை எழுதுகிறேன். தேதி வரிசையில் எழுதினால் பொய்யாகத் தெரிகிறது. துண்டு துண்டாக நாற்பது குறிப்புகள் இருக்கின்றன. 1, 2, 3 என்று எண் போட்டால் புத்தகமாகிவிடுமா?

எண் மட்டும் போட்டால் ஆகாது. ‘பிறகு’, ‘அதனால்’ என்ற சொற்களை எடுத்துவிட்டீர்கள். அவை செய்த வேலையை இனி துண்டுகளின் அடுக்குதான் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு துண்டையும் தனித் தாளில் எழுதி, இப்போதைக்கு எண்ணுக்குப் பதில் ஒரு பெயர் வையுங்கள். தாளின் பின்பக்கம், அதில் வரும் பொருளைக் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் பரப்பிப் பார்த்தால் ஏதோ ஒரு பொருள் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

அது சாவி என்று வைத்துக்கொள்வோம். பத்து வயதில் உங்களுக்கு இருட்டில் தடவிப் பூட்டைத் திறக்கக் கற்றுக்கொடுத்தார். நோய் வந்தபின் சட்டைப் பைகளில் எதையோ தேடிக்கொண்டே இருந்தார். இறந்தபின் அவர் பையில் வீட்டின் எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத சாவி கிடைத்தது. இதே வரிசையில் சொன்னால், கெட்டிக்கார மனிதர் நினைவிழந்து இறந்த கதை, அவ்வளவுதான். பொருந்தாத சாவியை முதலில் வையுங்கள், அடுத்து தேடல், கடைசியில் இருட்டுப் பூட்டு. இப்போது அவர் உண்மையிலேயே எதையோ தேடியிருக்கிறார் என்று வாசகருக்குப் படும். நீங்கள் ஒரு வார்த்தை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தடுத்த இரண்டு துண்டுகளை இடம் மாற்றிப் படியுங்கள். எதுவும் மாறவில்லையென்றால் இரண்டில் ஒன்று தேவையில்லை. யார் இறந்தார், என்ன நோய், நீங்கள் யார் என்பது மூன்றாவது துண்டுக்குள் தெரிந்துவிட வேண்டும்.

ஒரு விலக்கு உண்டு. அவர் வீட்டைவிட்டுக் காணாமல் போன இரவு மாதிரி ஒன்று உங்களிடம் இருந்தால், அதை உடைக்காதீர்கள். பத்து மணிக்குக் கதவு திறந்திருந்தது, பன்னிரண்டுக்குத் தெருவெல்லாம் தேடினீர்கள், மூன்று மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அந்த இரவில் உங்களுக்கு அடுத்து என்ன என்று தெரியாது. வாசகருக்கும் தெரியக் கூடாது. அங்கே மணி வரிசைதான் உண்மை. நீளமானாலும் ஒரே துண்டாக விடுங்கள். அந்த நீளத்தால் சுற்றியுள்ள சின்னத் துண்டுகளுக்கும் மூச்சு கிடைக்கும்.

நான் அதிகம் பார்க்கும் கோளாறு, ஒவ்வொரு துண்டும் தத்துவ வரியோடு முடிவது. கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டுப் படியுங்கள், பெரும்பாலும் அதுவே சரியான முடிவு.

அப்புறம், இடைத்தரகர்கள். ‘கோர்வையாக்கித் தருகிறேன்’ என்று பணம் வாங்கி, நீங்கள் எடுத்த ‘பிறகு’களையெல்லாம் திரும்ப ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். பக்கக் கணக்கில் காசு வாங்கி அச்சிடுபவர்கள், ஒவ்வொரு துண்டையும் புதுப் பக்கத்தில் தொடங்கச் சொல்வார்கள். நான்கு வரிக்கு ஒரு பக்கம் போகும். தொடர்ச்சியாக, நடுவில் இடைவெளி விட்டு அச்சிடச் சொல்லுங்கள். மாதிரிப் பக்கம் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

பதிப்பகங்கள் அத்தியாயவாரியாகக் கதைச்சுருக்கம் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. இப்படிப்பட்ட புத்தகத்துக்கு அது எழுதவே முடியாது. முதல் பத்துத் துண்டுகளை அப்படியே அனுப்புங்கள்.