கூட்டக் குறிப்பில் விடுபட்ட ஒரு நிபந்தனை: மேலாளருக்குத் திருத்தக் கடிதம் எழுதுவது எப்படி?

கேள்வி: மார்ச் 3 அன்று நடந்த திட்ட ஆய்வுக் கூட்டத்தின் குறிப்பில், தரவு மாற்றும் பணியை 20ஆம் தேதிக்குள் முடிப்பதாக நான் உறுதியளித்தேன் என்று இருக்கிறது. ஆதரவுக் குழு பழைய தரவை 10ஆம் தேதிக்குள் சரிபார்த்துத் தந்தால் முடிப்பேன் என்ற நிபந்தனையோடுதான் நான் சொன்னேன்; அந்தக் குழுவிடம் பேசுவதாக மேலாளரும் சொன்னார். கூட்டத்தின் வீடியோ பதிவிலும் அது இருக்கிறது. குறிப்பை எழுதி அனுப்பியவர் என் மேலாளர்தான். அவர்மேல் குற்றம் சொல்வதாக ஆகாமல், திருத்தக் கேட்டு எப்படி எழுதுவது?

பதில்: கடிதத்தைத் தொடங்குமுன் பதிவை முழுவதுமாகப் பாருங்கள். நீங்கள் பேசிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதுவதுதான் இத்தகைய கடிதங்கள் தோற்பதற்கு முதற்காரணம். ஒரு பொருளைப் பற்றிய பேச்சு எங்கே போய் முடிந்தது என்பதைத்தான் கூட்டக் குறிப்பு பதிவு செய்கிறது. நடுவில் யார் என்ன சொன்னார் என்பதை அது பெரும்பாலும் விட்டுவிடும். நீங்கள் 23ஆம் நிமிடத்தில் நிபந்தனையோடு பேசியிருக்கலாம். ஆனால் 50ஆம் நிமிடத்தில் மேலாளர் முடிவுகளைத் தொகுத்துச் சொல்லும்போது “அப்போ 20ஆம் தேதி உறுதி” என்று கேட்டு, நீங்கள் “சரி” என்று சொல்லியிருந்தால், குறிப்பில் பிழை இருப்பதாக வாதிட முடியாது. அந்நிலையில் நீங்கள் கேட்க வேண்டியது திருத்தம் அல்ல, காலக்கெடுவை மறுபரிசீலனை செய்வது. அதற்கு வேறு கடிதம் வேண்டும்.

இறுதிவரை நிபந்தனை மாறவில்லை என்று உறுதியானபின், குறிப்பின் வாசகத்தையும் பதிவின் வாசகத்தையும் அருகருகே எழுதிப் பார்த்து, வேறுபாடு சொல்லில் மட்டும் உள்ளதா, பொருளிலும் உள்ளதா என்று கேளுங்கள். நீங்கள் சொன்ன சொற்கள் அப்படியே வரவில்லை என்பது பிழையாகாது. சுருக்குவதுதான் குறிப்பு எழுதுபவரின் வேலை. நிபந்தனை விடுபடுவது அப்படிப்பட்டதன்று. பிற குழுவின் பணி தாமதமானாலும் பொறுப்பு உங்கள்மேல் விழும் என்பதால், இது பொருள் வேறுபாடு. அந்த ஒன்றை மட்டும் கடிதத்தில் எழுதுங்கள். கூடவே வேறு பத்தியில் உள்ள பொருத்தமற்ற சொல்லையும் வருகைப் பட்டியலில் உள்ள எழுத்துப் பிழையையும் சேர்த்தால், முக்கியமான திருத்தம் நச்சரிப்புகளில் ஒன்றாகத் தோன்றும்.

பதிவை மேற்கோள் காட்டும்போது, கூட்டம் நடந்த கடிகார நேரத்தை அல்ல, பதிவு ஓடும்போது திரையில் தெரியும் நேரத்தையே குறிப்பிடுங்கள். கூட்டம் தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்தே பலர் பதிவு பொத்தானை அழுத்துகிறார்கள். பதிவின் தொடக்கத்தைப் பின்னர் யாராவது வெட்டினால் அந்த நேரமும் மாறிவிடும். ஆகவே நேரத்தோடு பேச்சின் சொற்களையும் தருவது நல்லது. அந்தச் சொற்களைத் தானியங்கி எழுத்துவடிவிலிருந்து எடுக்காதீர்கள்: தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் அது அடிக்கடி தடுமாறும், “முடிஞ்சா” என்பது “முடிச்சா” ஆகிவிடும். காதால் கேட்டு, பேச்சுவழக்கிலேயே எழுதுங்கள். நீங்கள் சொன்னதற்கு மற்றவர் தந்த மறுமொழியையும் சேருங்கள். அது இல்லாமல் வெட்டிய மேற்கோள் ஐயத்தைக் கிளப்பும்.

உங்கள் நிலைக்கு ஏற்ற மாதிரிக் கடிதம் ஒன்று:

> பொருள்: மார்ச் 3 கூட்டக் குறிப்பு, 4ஆம் பத்தி – திருத்தக் கோரிக்கை
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> கூட்டக் குறிப்பை அனுப்பியமைக்கு நன்றி. அதன் 4ஆம் பத்தியில், “தரவு மாற்றும் பணியை மார்ச் 20-க்குள் முடிப்பதாக உறுதியளிக்கப்பட்டது” என்று உள்ளது.
>
> கூட்டப் பதிவில் 23:40 முதல் 24:20 வரை உள்ள உரையாடல் பின்வருமாறு:
> நான்: “சப்போர்ட் டீம் 10ஆம் தேதிக்குள்ள பழைய டேட்டாவ சரிபார்த்துக் குடுத்தா, 20ஆம் தேதிக்குள்ள முடிச்சிடலாம்.”
> தாங்கள்: “சரி, நான் அவங்ககிட்ட பேசிடறேன்.”
> இதன் பின்னர் கூட்டத்தில் இப்பொருள் மீண்டும் பேசப்படவில்லை.
>
> எனவே 4ஆம் பத்தியைக் கீழ்க்கண்டவாறு திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்: “சரிபார்க்கப்பட்ட தரவை ஆதரவுக் குழு மார்ச் 10-க்குள் வழங்கினால், மாற்றும் பணி மார்ச் 20-க்குள் முடியும். ஆதரவுக் குழுவுடன் மேலாளர் பேசுவார்.”
>
> இதில் மாற்றம் தேவை எனத் தாங்கள் கருதினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> தங்கள் உண்மையுள்ள,

இக்கடிதத்தில் “நீங்கள் தவறாக எழுதியுள்ளீர்கள்” என்பதற்கு ஒப்பான ஒரு சொல்கூட இல்லை. பத்தியில் உள்ளது இது, பதிவில் உள்ளது இது என்று மட்டுமே சொல்கிறது. “எனக்கு நன்றாக நினைவிருக்கிறது” என்றும் எழுதவில்லை. பதிவு இருக்கும்போது நினைவைச் சாட்சிக்கு அழைத்தால், பேச்சு உங்கள் நினைவா அவர் நினைவா என்று திசைமாறும். மாற்று வாசகத்தை நீங்களே எழுதித் தருவது அதைவிட முக்கியம். “சரியாகத் திருத்துங்கள்” என்று மட்டும் கேட்டால், வேலையைத் திரும்ப அவர்மேல் சுமத்துகிறீர்கள். வருகிற புதிய வாசகம் இன்னொரு திருத்தத்தைக் கேட்க வைக்கவும் கூடும்.

உங்கள் வழக்கில் சங்கடமான இடம், பதிவைப் பார்த்தால் மேலாளர் ஏற்ற பணியும் குறிப்பில் விடுபட்டிருப்பது தெரிகிறது என்பதே. அதை மறைக்கவும் வேண்டாம், சுட்டிக்காட்டி அழுத்தவும் வேண்டாம். மாதிரியில் உள்ளதுபோல் மாற்று வாசகத்தின் இரண்டாம் வாக்கியமாக அமைதியாக வைத்துவிடுங்கள். முதல் கடிதத்தை அவருக்கு மட்டும் அனுப்புங்கள். குறிப்பு எல்லோருக்கும் போயிருப்பதால் திருத்தமும் எல்லோருக்கும் போக வேண்டியதுதான், ஆனால் அதை அவர் கையால் அனுப்ப வாய்ப்புக் கொடுப்பதே முறை.

காலமும் கவனிக்க வேண்டியது. குறிப்பு இன்னும் வரைவாக இருந்தால் நேரடியாகவே மாற்றிவிடலாம். அடுத்த கூட்டத்தில் ஏற்கப்பட்டுவிட்டால், பழைய கோப்பைச் சத்தமின்றி மாற்றுவது சரியல்ல. திருத்தம் அடுத்த கூட்டத்தின் குறிப்பில் தனிப் பொருளாகப் பதிவாக வேண்டும். பல நிறுவனங்களில் வீடியோ பதிவுகள் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு தாமாகவே அழிந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். எப்போது அழியும் என்று பார்த்து, அதற்குமுன் கடிதத்தை அனுப்புங்கள். பதிவைப் பாதுகாக்க வேண்டுமென்றால் அதற்குரிய பொறுப்பாளரிடம் கேளுங்கள், உங்கள் சொந்தக் கணினியில் இறக்கி வைக்காதீர்கள்.

நான் சொன்ன அனைத்தும், எல்லோருக்கும் தெரிந்து நடந்த அலுவலகப் பதிவுக்கே பொருந்தும். உங்கள் கைபேசியில் பிறர் அறியாமல் பதிவு செய்தது என்றால், அதைக் கடிதத்தில் குறிப்பிடாதீர்கள்; திருத்தம் பற்றிய பேச்சு போய், பதிவு செய்தது சரியா என்ற விசாரணையாக அது மாறிவிடும். அப்போது கூட்டத்தன்று நீங்கள் எழுதி வைத்த குறிப்பையோ, கூட்டத்துக்குப் பின் ஆதரவுக் குழுவுக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலையோ ஆதாரமாகக் காட்டலாம்.

பதிவைப் பார்த்த பிறகும் மேலாளர் திருத்த மறுத்தால், அதே வாதத்தை மறுமுறை எழுதுவதில் பயனில்லை. “குறிப்பு மாற்றப்படாத நிலையில், என் மார்ச் 5 கடிதத்தை அக்குறிப்புடன் இணைத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். இதை மறுப்பது கடினம், ஏனெனில் நீங்கள் எதையும் மாற்றச் சொல்லவில்லை. 10ஆம் தேதி வரும்போது தரவு வந்து சேர்ந்ததா இல்லையா என்று அன்றே மேலாளருக்கும் ஆதரவுக் குழுவுக்கும் ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். 20ஆம் தேதி பணி முடியாமல் போய்க் கேள்வி எழுந்தால், இணைத்த கடிதமும் அந்த மின்னஞ்சலும் சேர்ந்தே காரணத்தைக் காட்டும்.