6-4 விழுந்தால் பிடிப்பதா, பிரிப்பதா?

கேள்வி: பேக்கேமனில் முதல் பகடையாக 6-4 விழுந்தால், நான் உடனே இரு காய்களை வைத்து இரண்டாம் கட்டத்தைப் பிடித்துவிடுகிறேன். உடன் ஆடுபவரோ பின்காய்களைப் பிரிப்பதுதான் சரி என்கிறார். கட்டம் கைக்கு எட்டும்போது பிரிக்கலாமா?

பதில்: எந்தக் கட்டம் எட்டுகிறது என்பதைப் பொறுத்தது. 3-1 விழுந்தால் ஐந்தாம் கட்டத்தையும் 4-2 விழுந்தால் நான்காம் கட்டத்தையும் யோசிக்காமல் பிடியுங்கள். அவை உங்கள் ஆறாம் கட்டத்தை ஒட்டி நிற்பதால், எதிராளியின் பின்காய்கள் வெளியேறும் வழியில் அடைப்பாகின்றன. ஆறாம் கட்டத்துடன் ஐந்தாம் கட்டம் சேர்ந்தாலும் இரண்டாம் கட்டம் சேர்ந்தாலும், வெட்டுப்பட்ட காய் திரும்ப நுழைய முடியாமல் போவது 36-இல் 4 வீழ்ச்சிகளில்தான். அந்த வகையில் வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டாம் கட்டம் அவருடைய பின்காய்களுக்கு 1-ஐ மட்டுமே தடுக்கிறது, அங்கே இறங்கிய இரு காய்களும் இனி நல்ல கட்டங்களைக் கட்ட உதவமாட்டா. அதன் சிறப்பு, உங்கள் பக்கம் ஒரு தனிக்காயும் இல்லாமல் முடிவதே.

பிரிக்கும்போது, பின்காய்கள் நிற்கும் 24-இலிருந்து ஒரு காய் 18-க்கும், 13-இலிருந்து ஒரு காய் 9-க்கும் வரும். 18-இல் நிற்பது எதிராளியின் ஏழாம் கட்டத்தில் நிற்கும் தனிக்காய். 6 அல்லது 1 உள்ள எந்த வீழ்ச்சியும், அதாவது 36-இல் 20, அதை நேரடியாக வெட்டும். பார்க்க அச்சமாக இருந்தாலும் கணக்கு வேறு. அங்கே வெட்டுப்பட்டால் நீங்கள் இழப்பது 7 அடிகள் மட்டுமே. ஒற்றைக் காயால் வெட்டிய அவரை அதே இடத்தில் நீங்கள் திருப்பி வெட்டினால் அவர் இழப்பது 18 அடிகள். உண்மையில் வலிப்பது, அவர் 6-1, 1-1, 3-3, 6-6 போட்டு உங்கள் காயை வெட்டியதோடு அந்தக் கட்டத்தையும் பிடித்துக்கொள்வதுதான். வெட்டுப்படாமல் தப்பினால், அடுத்த 6-இல் 18-ஐ நீங்களே பிடிக்கலாம். 9-இல் நிற்கும் காயோ ஐந்தாம், நான்காம் கட்டங்களுக்குக் கைகொடுக்கும்.

சாதாரண ஆட்டத்தில் இவ்விரண்டும், ஒரே காயை 24-இலிருந்து 14-க்கு ஓட்டுவதும் ஏறக்குறைய சமமே. ஆகவே உங்கள் வழக்கத்தைத் தவறென்று சொல்லமாட்டேன். தொடர்போட்டியின் நிலவரம்தான் இந்தச் சமத்தைக் குலைக்கிறது. இருவருக்கும் வெல்ல இன்னும் ஒரு புள்ளி மட்டுமே தேவைப்பட்டால், எதிராளி ஒரு காயையும் வெளியேற்றுமுன் வென்று இருமடங்கு புள்ளி பெறும் இரட்டை வெற்றிக்கு மதிப்பில்லை, அப்போது பிரிப்பதோ ஓட்டுவதோ மேல். எதிராளிக்கு ஒரு புள்ளியும் உங்களுக்கு இரண்டு புள்ளிகளும் தேவைப்பட்டு, இரட்டிப்புக் கட்டையும் பயன்படாத ஆட்டமென்றால், இரட்டை வெற்றியே உங்கள் இலக்கு; அதற்கு இரண்டாம் கட்டமே அதிகம் உதவும்.

எதிராளி முதலில் ஆடி, 13-இலிருந்து காய்களை முன்னே இறக்கியிருந்தால், பிரிந்த உங்கள் காயைத் தாக்க அவரிடம் கூடுதல் காய்கள் தயாராக உள்ளன என்று பொருள். அப்போது பொதுவாகப் பிரிப்பதைத் தள்ளிவையுங்கள்.