கணக்கைக் காலியாக வைப்பது கேன்சல் ஆகாது

"என் மகனை ஆன்லைன் கோடிங் வகுப்பில் சேர்த்தேன். மாதம் 3,250 ரூபாய் என் கணக்கிலிருந்து தானாகப் போகும். சரியில்லை என்று மே 28 அன்று நிறுத்தச் சொல்லி நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். பத்துத் தடவை போன் செய்தேன். 'பிராசஸ் ஆகுது சார்' என்பார்கள், ஒருவர் எடுத்தெறிந்தே பேசினார். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் தவறாமல் பிடித்துவிட்டார்கள். வங்கியில் கேட்டால் நிறுவனத்திடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். நண்பர் சொன்னார் என்று அக்டோபரிலிருந்து கணக்கைக் காலியாக வைத்தேன். இரண்டு முறை பவுன்ஸ் ஆகி, வங்கி தலா 590 ரூபாய் பிடித்தது. இப்போது ஜெயில் என்று மிரட்டி வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. போன் செய்தால், 8,000 தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வாங்கலாமா?" — வாசகர், ஈரோடு

எடுத்தெறிந்து பேசியதையும் பத்துப் போன்களையும் மறந்துவிடுங்கள். மாதாமாதம் பணம் பிடித்துக்கொள்ள நீங்கள் கொடுத்த மேன்டேட்டை ரத்து செய்யச் சொல்லி யாருக்கு, என்றைக்கு எழுத்தில் கொடுத்தீர்கள் என்பது ஒன்றுதான் இதில் கேள்வி. நிறுவனத்துக்கு மே 28 அன்று எழுதியிருக்கிறீர்கள். வங்கிக்கு இன்றுவரை ஒரு வரிகூட எழுதவில்லை, கவுன்டரில் பேசியதோடு சரி. அதனால் நான்கு மாதம் போன 13,000 ரூபாயை நிறுவனத்திடம்தான் கேட்க முடியும். வங்கியைப் பிடித்து உலுக்கப் பிடிமானம் இல்லை.

வங்கி சொன்னது தவறுதான். மேன்டேட் உங்கள் கணக்கின் மீது நீங்கள் கொடுத்த உத்தரவு. செக்குக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுக்க எதிராளியிடம் கடிதம் வாங்கி வருகிறோமா என்ன? அதே கதைதான் இதுவும். ஆனால் அந்தத் தவறை அவர்கள் எழுத்தில் செய்யும்படி நீங்கள் வைத்திருக்க வேண்டும். இன்றே கிளைக்குப் போய், மேன்டேட்டின் அடையாள எண்ணான UMRN எண், நிறுவனத்தின் பெயர், "இந்த மேன்டேட்டை முழுமையாக ரத்து செய்யவும்" என்ற வரி, இவ்வளவோடு கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். "இந்த மாதம் நிறுத்தவும்" என்று எழுதினால் அந்த ஒரு மாதத்தோடு முடிந்துவிடும், அடுத்த மாதம் மறுபடி வரும். முத்திரை விழுந்த நாளுக்குப் பிறகு ஒரு ரூபாய் போனாலும் அது உங்கள் ஒப்புதல் இல்லாமல் போன பணம். பதில் சொல்லவேண்டியது வங்கி.

அதற்கு முன் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். இந்தப் பிடித்தங்களுக்கு எதிரே பெரும்பாலும் 'ACH D' என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். அது வகுப்பு நடத்தும் நிறுவனத்தின் பெயரா, கேள்விப்படாத ஏதோ ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பெயரா? இரண்டாவது என்றால் நீங்கள் கட்டிக்கொண்டிருப்பது மாதக் கட்டணம் இல்லை, கடன் தவணை. சேரும் அன்று ஆதார் ஓடிபி கேட்டு "ஈஸி இஎம்ஐ" என்று சொல்லியிருப்பார்கள், அதில் ஒரு கடன் ஒப்பந்தம் ஒளிந்திருக்கும். முழு வருடக் கட்டணமும் அன்றைக்கே நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கும். வகுப்பு வேண்டாம் என்று நீங்கள் அனுப்பிய மெயில் பைனான்ஸ் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. சந்தேகம் இருந்தால் சிபில் அறிக்கையை எடுங்கள், வருடத்துக்கு ஒரு முறை இலவசம்.

கடன் என்று தெரிந்தால் மேலே சொன்ன கடிதத்தை வங்கிக்குக் கொடுக்காதீர்கள், என் பதிலும் மாறிவிடும். பாக்கித் தவணையைக் கட்டி கடனை முடித்துவிட்டு, அந்தப் பணத்தை வகுப்பு நிறுவனத்திடம் கேளுங்கள். கோபத்தில் மேன்டேட்டை ரத்து செய்தவர்களின் சிபில்தான் அடிவாங்கியது, நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பைனான்ஸ் கம்பெனி "குறைத்துக் கட்டுங்கள், செட்டில் செய்யலாம்" என்றாலும் யோசியுங்கள். சிபிலில் அது 'Settled' என்று பதியும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது 'Closed' என்று இருப்பதுதான் உதவும்.

இனி நண்பரின் யோசனைக்கு வருவோம். என் அலுவலகத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் இதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம், 2007, பிரிவு 25 என்று ஒன்று இருக்கிறது. கணக்கில் போதிய பணம் இல்லாமல் மின்னணுப் பணப் பரிமாற்றம் திரும்பினால் அது குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். செக் பவுன்ஸ் வழக்கின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேன்டேட்டை முறையாக ரத்து செய்திருந்தால் திரும்பிய காரணம் 'ரத்து' என்று வந்திருக்கும். நீங்கள் காலி செய்ததால் 'பணமில்லை' என்று வந்திருக்கிறது. எதிராளிக்கு நீங்களாகவே ஆயுதம் எடுத்துக் கொடுத்த மாதிரி.

சரி, பயப்பட வேண்டாம். இந்தப் பிரிவு நிற்க வேண்டுமானால் திரும்பிய தொகை ஒரு கடனுக்கோ சட்டப்படியான பொறுப்புக்கோ உரியதாக இருக்க வேண்டும். பவுன்ஸ் தகவல் தெரிந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் வந்திருக்க வேண்டும், நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் நீங்கள் பணம் கட்டாமல் இருந்திருக்க வேண்டும். மே மாதமே நின்றுவிட்ட வகுப்புக்கு அக்டோபரில் என்ன பொறுப்பு என்பது நல்ல வாதம்தான். ஆனால் அதை எழுதி அனுப்பினால்தான் வாதம். மே 28 மெயிலின் நகலோடு அந்த 15 நாளுக்குள் பதில் நோட்டீஸ் போகட்டும். சேலத்தைச் சேர்ந்த என் கட்சிக்காரர் ஒருவர், "சும்மா மிரட்டுகிறார்கள்" என்று கவரைப் பிரிக்காமலே பீரோவில் வைத்தார். அப்புறம் வெளிமாநிலக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. தகராறு 7,000 ரூபாய்க்கு. இரண்டு வாய்தாவுக்கு ரயிலில் போய்வந்த செலவே அதைத் தாண்டிவிட்டது. வழக்கில் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

இப்போது 8,000. உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு என்று அநேகமாக இருக்கும், படித்துப் பாருங்கள். இருந்தால் ஜூன் மாதப் பணம் அவர்களுடையது. மீதி மூன்று மாதம் 9,750. பவுன்ஸ் கட்டணம் 1,180 நீங்கள் வரவழைத்துக்கொண்டது, அதைக் கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆக வித்தியாசம் 1,750 ரூபாய். கடன் இல்லை என்று உறுதியானால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பணம் முதலில் கணக்கில் ஏற வேண்டும். UMRN எண் போட்டு அந்த மேன்டேட்டை ரத்து செய்கிறோம், நிலுவை எதுவும் இல்லை, நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறோம் என்று அவர்கள் கடிதம் தர வேண்டும். அது வராமல் "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் டிசம்பரில் மறுபடி பிடிப்பார்கள், உங்கள் கையெழுத்தையே காட்டுவார்கள்.

பேரம் முறிந்தால், நிறுவனத்தின் மீது உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இரண்டு வருடம் அவகாசம், இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை. கடிதம் கொடுத்த பிறகும் வங்கி பணம் விட்டால், வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பாருங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, என் பீஸ் மிச்சம். ஆனால் அதே விஷயத்துக்காக வங்கியையும் சேர்த்து நுகர்வோர் ஆணையத்தில் முதலில் போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மன் எடுக்கமாட்டார். கோபத்தில் எல்லோரையும் ஒரே மனுவில் இழுக்காதீர்கள்.

மேன்டேட் 'Cancelled' என்று நெட்பேங்கிங்கில் தெரிந்த பிறகு கணக்கில் பணம் போட்டு வையுங்கள்.