குனிந்தால் குறையும் நெஞ்சுவலி

கேள்வி: பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் இருக்கிறேன், வயது 31. இரண்டு வாரம் முன்பு வைரல் காய்ச்சல் வந்து சரியானது. மூன்று நாளாக நடு நெஞ்சில் குத்தும் வலி. மல்லாந்து படுத்தால் கூடுகிறது, மேஜைமேல் குனிந்து உட்கார்ந்தால் குறைகிறது. கேஸ் என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் தள்ளுபடி விலையில் முழு இதயப் பரிசோதனை பேக்கேஜ் போட்டுத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: பேக்கேஜ் வேண்டாம். இன்றைக்கே ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஜெயதேவா அரசு இதய மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

நீங்கள் சொல்வது பெரிகார்டைட்டிஸ் போல இருக்கிறது. இதயத்தைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு அது அழற்சி கண்டு வீங்கும். படுத்தாலும் மூச்சை இழுத்தாலும் வலி கூடும், குனிந்தால் இறங்கும். உங்களைக் குனிய வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி ஸ்டெதஸ்கோப் வைத்தால், புதுத் தோல் செருப்பு கிறீச்சிடுவதுபோல ஒரு சத்தம் சில நேரம் கேட்கும். ஆனால் வலியின் குணத்தை மட்டும் வைத்து மாரடைப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் முதலில் ஈசிஜி, இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ, உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை. மாரடைப்பில் ஈசிஜியின் மாற்றம் பெரும்பாலும் இதயத்தின் ஒரு பக்கத்தைக் காட்டும் கோடுகளில் மட்டும் தெரியும், பெரிகார்டைட்டிஸிலோ பெரும்பாலும் ஏறக்குறைய எல்லாக் கோடுகளிலும் தெரியும். அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்று இதய மருத்துவர் ஆஞ்சியோகிராம் கேட்டால் மறுக்காதீர்கள்.

பேக்கேஜை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதில் பெரும்பாலும் டிரெட்மில் சோதனை இருக்கும். உறை வீங்கியிருக்கும்போது டிரெட்மில்லில் ஓடவே கூடாது. அது ஆபத்து. ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குபவருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

இதைவிட நான் அதிகம் பயப்படுவது ஸ்டீராய்டுக்கு. அல்சூரிலிருந்து ஒரு இளைஞர் வந்தார், உங்களைப் போலவே வலி. தெருமுனை கிளினிக்கில் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார்கள். மறுநாளே வலி போய்விட்டது. ஐந்து நாளில் நிறுத்தினார். மூன்றாம் வாரம் வலி திரும்பி வந்தது, இம்முறை எக்கோவில் உறைக்குள் நீரும் இருந்தது. ஸ்டீராய்டு வலியைச் சீக்கிரம் அடக்கும், ஆனால் இந்த நோய் மறுபடி மறுபடி வரும் வாய்ப்பைக் கூட்டும்.

முதலில் கொடுக்க வேண்டியது விலை மலிவான பழைய மருந்துகள்தான். ஐபுப்ரோஃபன் 600 மி.கி. சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை, கூடவே வயிற்றைக் காக்க ஒரு மாத்திரை. வலி போய் சிஆர்பி இறங்கும் வரை ஒன்றிரண்டு வாரம் எடுத்து, அப்புறம் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதோடு கோல்ச்சிசின் 0.5 மி.கி. மூன்று மாதம். எடை 70 கிலோவுக்குக் கீழே என்றால் ஒருவேளை, மேலே என்றால் இருவேளை. வலி திரும்புவதை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பது இதுதான். வயிற்றுப்போக்கு வந்தால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். கடையில் நீங்களாக வாங்கவும் வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும், நம் நாட்டில் காசநோய் இருக்கிறது. மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை இறக்கம், வாரக்கணக்கில் இருமல், வீட்டில் யாருக்காவது டிபி, எக்கோவில் நிறைய நீர் இவற்றில் ஏதாவது இருந்தால் 'வைரல்' என்று முடித்துவிட விடாதீர்கள். டிபி பார்த்தாயிற்றா என்று நேராகக் கேளுங்கள். டிபியை ஸ்டீராய்டு கொஞ்ச நாள் மறைத்துவிடும், அதற்குள் உறை தடித்து இதயத்தை இறுக்கத் தொடங்கலாம். முதலிலேயே கேட்டிருந்தால் போதும் என்று நினைக்க வைக்கும் நோயாளிகளை இன்றும் பார்க்கிறேன், கோபம்தான் வருகிறது.

மூச்சுத் திணறல், மயக்கம், கழுத்து நரம்பு புடைத்தல் இருந்தால் உறைக்குள் சேர்ந்த நீர் இதயத்தை அழுத்திக்கொண்டிருக்கலாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வலி போய் சிஆர்பி சரியாகும் வரை ஜிம், பேட்மின்டன் எதுவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் தாளில் பெரும்பாலும் மருந்தின் பெயர் இருக்கும், எப்போது எவ்வளவு குறைப்பது என்பது இருக்காது. தேதி போட்டு எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.