'போல'வை எடுத்துவிட்டால் உருவகம் ஆகிவிடுமா?

*"ஏழாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். சினிமாப் பாட்டு வரிகளை மாற்றி எழுதச் சொல்லி உவமை, உருவகம் சொல்லித்தருகிறேன். பிள்ளைகள் ஆசையாக எழுதுகிறார்கள். ஆனால் 'போல' இருந்தால் உவமை, அதை அழித்துவிட்டால் உருவகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலர்முகம், முகமலர் இரண்டையும் ஒன்று என்கிறார்கள். எப்படித் திருத்துவது?"*

பாட்டை விட்டுவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் குழப்பத்தைத் தீர்க்க மெட்டே உதவும். 'போல'வை அழித்ததும் மெட்டில் ஓரிடம் காலியாகிறது. அந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று பிள்ளைகளைத் தேடவையுங்கள். உருவகம் அந்தத் தேடலில்தான் பிடிபடும்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நடை மெதுவாக, ஒரு வரிக்கு நான்கு சீருக்கு மேல் போகாததாகப் பாருங்கள். காதலியின் அங்கங்களை வருணிக்கும் பாட்டுகள் இந்த வயதில் சிரிப்பைத்தான் கிளப்பும், வேலை நடக்காது. முழுப்பாட்டும் தேவையில்லை, ஒரு வரியின் மெட்டு போதும். செல்பேசியில் பாட்டைப் போட்டுக் காட்டுவதைவிட, மேசையில் தட்டிக்கொண்டே 'தனனா தானா தானன தானா' என்று சொல்லவைப்பது நல்லது. ஏழாம் வகுப்புக்கு அசை பிரிக்கத் தெரிய வேண்டியதில்லை, காது போதும்.

இந்த மெட்டுக்கு நானே கட்டிய ஒரு வரியை வைத்துச் சொல்கிறேன்:

நிலவைப் போலே உன்முகம் கண்டேன்

கரும்பலகையில் இதை எழுதி, உவமேயம் (முகம்), உவமானம் (நிலவு), உவம உருபு (போலே) மூன்றையும் வெவ்வேறு வண்ணத்தில் வட்டமிடச் சொல்லுங்கள். நான்காவதாகப் பொதுத்தன்மையைக் கேளுங்கள். தேடிவிட்டு, வரியில் அது இல்லை என்பார்கள். ஆமாம், தொக்கி நிற்கிறது. அழகா, ஒளியா, குளிர்ச்சியா என்று அவர்களே சொல்லட்டும். இப்போது 'போலே' மட்டும் இருந்த இடத்திலேயே இருக்க, மற்ற சொற்களை மாற்றச் சொல்லுங்கள். பொருள் அவர்களுடையதாக இருக்கட்டும். தேர்வைப் பற்றி என்றால் இப்படி ஒரு வரி வரலாம்:

மழையைப் போலே கேள்விகள் கொட்டும்

மெட்டில் சரியாக உட்காருகிறது. 'கொட்டும்' என்ற பொதுத்தன்மையும் வரியிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. மெட்டில் உட்கார்ந்துவிட்டால் எந்த உளறலும் சரியாக இருப்பதாகவே காதுக்குத் தோன்றும். 'எறும்பைப் போலே கேள்விகள் கொட்டும்' என்று ஒருவர் எழுதினால் வகுப்பு கைதட்டும். உடனே அந்த வரியைப் பாடாமல், பேச்சாகச் சொல்லச் சொல்லுங்கள். எறும்பு கொட்டுமா? தேள் கொட்டும், எறும்பு ஊரும். 'எறும்பைப் போலே கேள்விகள் ஊரும்' என்று மாற்றினால் நல்ல உவமை, தலைக்குள் ஊர்கிற கேள்விகள். தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என்று நான்கு வகையில் உவமை தோன்றும் என்கிறார். அந்தச் சொற்களைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். "எதில் ஒத்திருக்கிறது? செய்கிற வேலையிலா, கிடைக்கிற பலனிலா, வடிவத்திலா, நிறத்திலா?" என்று கேட்டால் போதும். நான்கில் ஒன்றுக்காவது பதில் இல்லை என்றால் அந்த வரி தள்ளுபடி.

சரி, உருவகத்துக்கு வருவோம். மழை வரியிலிருந்து 'போலே'வை மட்டும் அழிக்கச் சொல்லிப் பாடவையுங்கள். 'மழை, கேள்விகள் கொட்டும்' என்று வரி நொண்டும். ஒரு தட்டு காலி, பொருளும் இல்லை. 'போல'வை எடுத்தால் உருவகம் ஆகாது என்பதை நீங்கள் விளக்கவே வேண்டாம், அவர்கள் காதே சொல்லிவிடும்.

பிறகு இரண்டு கட்டளைகள் கொடுங்கள். முதலாவது, உவமேயத்தை முன்னால் வைத்து உவமானத்தை அதன் பின்னால் சேர்க்க வேண்டும்: கேள்வி, அப்புறம் மழை. இரண்டாவது, மழையோடு மட்டுமே சேரும் ஒரு வினையைக் கொண்டுவந்து காலி இடத்தை நிரப்ப வேண்டும். மழையில் என்ன செய்வோம்? நனைவோம், ஒதுங்குவோம், குடை பிடிப்போம். அதிலிருந்து இப்படி வரலாம்:

நனைந்தேன் கேள்வி மாமழை தன்னில்
குடையும் இல்லை நண்பனும் இல்லை

'மா'வும் 'தன்னில்'லும் மெட்டுக்காக வந்தவை, பாட்டில் அது சகஜம்தான். கவனிக்க வேண்டியது 'நனைந்தேன்'. கேள்வியில் யாரும் நனைவதில்லை, மழையில்தான் நனைவோம். கேள்வியை மழையாகவே ஏற்றுக்கொண்டதால்தான் அந்த வினை வந்து ஒட்டுகிறது. உவமையில் கேள்வி கேள்வியாகவும் மழை மழையாகவும் இருந்தன. இங்கே ஒன்றின் வேலையை மற்றது செய்கிறது. இரண்டாம் வரியின் குடை எது என்று கேட்டுப்பாருங்கள். விடை சொல்லித்தர உட்காராமல் போன நண்பனா, படிக்காமல் விட்ட பாடமா என்று சண்டையே நடக்கும். நடக்கட்டும்.

மலர்முகம், முகமலர் குழப்பத்துக்கும் இதே வினைச் சோதனைதான் மருந்து. தமிழில் இப்படிச் சேரும் இரண்டு பெயர்களில் கடைசிப் பெயருக்குத்தான் வினை சொந்தம். மலர்முகம் சிரிக்கும், ஏனென்றால் கடைசியில் நிற்பது முகம். அது 'மலர் போன்ற முகம்', உவமைத்தொகை. முகமலர் வாடும், உதிரும், வண்டை இழுக்கும், ஏனென்றால் கடைசியில் நிற்பது மலர். அது 'முகம் என்னும் மலர்', உருவகம். நடுவில் 'போன்ற' பொருந்துகிறதா, 'என்னும்' பொருந்துகிறதா என்று பார்ப்பதும் உதவும். ஆனால் பிள்ளைகள் இரண்டையும் எங்கும் செருகிவிடுவார்கள். வினை அவ்வளவு எளிதில் ஏமாறாது.

சில வரிகளை முதல் வாரத்தில் ஒதுக்கிவையுங்கள். 'மழை வரும் போல' என்பதில் உவமையே இல்லை, அது ஊகம். 'அக்கா மாதிரி நானும் வருவேன்' என்பதும் அப்படித்தான், அணி இல்லை. 'பூவாய்ச் சிரித்தாள்' என்று 'ஆய்' வருகிற வரிகள் பாட்டுகளில் ஏராளம். அவற்றை உவமை என்றும் உருவகம் என்றும் வாதாடலாம், ஆகவே தொடக்கத்தில் வேண்டாம். 'ஆக' வந்து உருவகமாக நிற்பதைக் காட்ட வேண்டுமானால் பொய்கையாழ்வாரின் 'வையம் தகளியா வார்கடலே நெய்யாக' பாசுரத்துக்குப் போங்கள். பூமி அகல், கடல் நெய், கதிரவன் விளக்கு என்று ஒரே படத்தின் உறுப்புகள் வரிசையாக வருகின்றன. மழை, நனைதல், குடை என்று எழுதிப் பழகிய கைக்கு அது அந்நியமாக இருக்காது.

ஏகதேச உருவகத்தையும் அவர்கள் வரியிலிருந்தே காட்டலாம். 'கேள்வி மழையில் நனைந்தது மூளை' என்பதில் கேள்வி மழையாகிவிட்டது. மூளை நிலமாகவோ பயிராகவோ ஆகவில்லை. ஒன்றை உருவகித்து, அதோடு தொடர்புடைய மற்றொன்றை விட்டுவிட்டது. 'கருமமே கட்டளைக் கல்' என்கிற குறளிலும் அதே அமைப்பு: செயல் உரைகல்லாகிறது, பெருமையும் சிறுமையும் பொன்னாக்கப்படவில்லை.

மதிப்பெண் போடும்போது பாட்டு வரிக்குக் கீழே உரைநடையில் ஒரு வாக்கியம் கேளுங்கள்: எது எதுவாயிற்று, எந்த வினையால் தெரிகிறது? வரி சுமாராக இருந்து இந்த வாக்கியம் சரியாக இருந்தால் பாடம் புரிந்திருக்கிறது. வரி பிரமாதமாக இருந்து இது தடுமாறினால், எங்கோ கேட்ட பாட்டின் சொற்களை மாற்றிப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டு உவமையணிக்கு மட்டும் இந்த முறையை இழுக்காதீர்கள். அதற்கு இரண்டு தனித்தனிக் கூற்றுகள் வேண்டும், நடுவில் உருபும் இருக்காது. நான்கு சீர் வரிக்குள் அது அடங்குவதில்லை. அதற்கு 'அகர முதல' குறளே வசதி.