வாட்ச் சார்ஜ் தீர்ந்துட்டா கார் கதவு திறக்குமா?

கேள்வி: ஆப்பிள் வாட்ச்ச கார் சாவியா யூஸ் பண்ணலாம்னு இருக்கேன். வெளிய இருக்கும்போது வாட்ச் செத்துட்டா என்ன பண்றது? ஓடிட்டு இருக்கும்போது செத்தா வண்டி நின்னுடுமா? வீட்டு டிஜிட்டல் லாக்குக்கும் இதே கதைதானா?

பதில்:

முதல்ல பயத்த தீர்த்துடறேன், ஓடற வண்டி நிக்காது. சாவி இருக்கான்னு கார் பாக்கறது ரெண்டு இடத்துலதான், கதவு திறக்கும்போது ஒண்ணு, ஸ்டார்ட் பண்ணும்போது ஒண்ணு. ஸ்டார்ட் ஆனதுக்கு அப்புறம் வாட்ச் செத்தாலும் வண்டி பாட்டுக்கு போய்கிட்டே இருக்கும். ஆனா ஆஃப் பண்ணீங்கன்னா அவ்ளோதான், மறுபடி ஸ்டார்ட் பண்ண சாவி கேக்கும். நம்ம ஊர்ல இது எங்க மாட்டும்னா பெட்ரோல் பங்க்ல, அங்க இன்ஜின ஆஃப் பண்ணித்தானே ஆகணும். அதனால வாட்ச்ல சார்ஜ் கம்மியா இருக்கும்போது பங்க்குக்குள்ள விடறதுக்கு முன்னாடி வேற சாவி ஏதாவது கைல இருக்கான்னு பாத்துட்டு விடுங்க.

இப்ப செத்த வாட்ச் கதவ திறக்குமான்னா, திறக்காது. இதுல நிறைய பேருக்கு (எனக்கும் இருந்தது) ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு, "பக்கத்துல காட்டினாலே ரீடரோட பேசற என்எஃப்சிக்குதான் பேட்டரியே வேணாமே, ஹோட்டல் ரூம் கார்டுல என்ன பேட்டரியா இருக்கு"ன்னு. கார்டு விஷயத்துல அது உண்மைதான், கார்ட ரீடர் பக்கத்துல கொண்டு போனதும் ரீடர்லேந்து வர்ற அலையிலேயே அந்த சிப்புக்கு தேவையான கரண்ட் கிடைச்சிடும். வாட்ச்ல அப்படி இல்ல. அதுக்குள்ள இருக்கற சாவி சிப் வாட்சோட பேட்டரியிலதான் ஓடுது, ஆன்டெனாவும் ரொம்ப குட்டி, சுத்தி கண்ணாடியும் மெட்டலும், அந்த சிக்னல பலப்படுத்தி ரீடருக்கு அனுப்பறதுக்கே பவர் வேணும். பேட்டரி போச்சுன்னா அது சாவி இல்ல, கைல கட்டின வளையல் மாதிரிதான்.

ஐபோன்ல கொஞ்சம் சலுகை இருக்கு. ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர்ல ஆரம்பிச்சு அதுக்கு அப்புறம் வந்த மாடல்ல, சார்ஜ் தீர்ந்து ஸ்கிரீன் அணைஞ்சாலும் கடைசியா கொஞ்சம் பவர ஒதுக்கி வெச்சிருக்கும், போன அன்லாக் பண்ணாமலே சாவி வேலை செய்யற எக்ஸ்பிரஸ் மோடு ஆன்ல இருந்தா அதுல கார் சாவி அஞ்சு மணி நேரம் வரைக்கும் வேலை செய்யும். பக்கவாட்டு பட்டன அழுத்தினா காலி பேட்டரி படத்தோட எக்ஸ்பிரஸ் மோடுல இருக்கற கார்டுகள யூஸ் பண்ணலாம்னு காட்டும். ஆனா இதுல ஒரு கண்டிஷன், போன் தானா சாகணும், நீங்களே ஸ்விட்ச் ஆஃப் பண்ணியிருந்தா அந்த சலுகை கிடைக்காது. "சாவிக்காக சார்ஜ் மிச்சம் பண்ணுவோம்"னு 3%ல போன ஆஃப் பண்ணி பாக்கெட்ல போடறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, அப்படியே விட்டுடுங்க. வாட்ச்சுக்கு இந்த அஞ்சு மணி நேர கதையே கிடையாது. சார்ஜ் போன வாட்ச்ல பட்டன அழுத்தினா டைம் மட்டும் வரலாம், அத பாத்து உயிர் இருக்குன்னு நம்பிடாதீங்க.

எனக்கு நடந்தத சொல்றேன். போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கு பெசன்ட் நகர் பீச்சுக்கு ஓட போனேன். வண்டில என்எஃப்சி சாவி உண்டு, டோர் ஹேண்டில்ல வாட்ச்ச காட்டினா லாக் ஆகும் திறக்கும், உள்ள சார்ஜிங் பேட் மேல போனையோ வாட்சையோ வெச்சா ஸ்டார்ட் ஆகும். ஓடும்போது பாக்கெட்ல போன் ஆடறது பிடிக்காதுன்னு போன வண்டிக்குள்ளயே வெச்சுட்டு, வெளிய வந்து வாட்ச்ச காட்டி லாக் பண்ணிட்டு போய்ட்டேன். ரிமோட் சாவி வீட்ல. அப்ப வாட்ச்ல 24%, வழக்கமா அது ஓடி முடிச்சு வீட்டுக்கு வர தாராளம்.

ஆனா போன் கூட இருக்கும்போது ஓடறதும் இல்லாம ஓடறதும் வாட்ச்சுக்கு ஒண்ணு இல்ல. போன் பக்கத்துல இல்லன்னா என்னோடது மாதிரி பழைய மாடல்கள்ல ஜிபிஎஸ்ஸ வாட்ச்சே பாக்கணும், நெட்டுக்கு அதோட சொந்த சிம்ம பிடிக்கணும், நான் பாட்டையும் ஸ்ட்ரீம் பண்ணிட்டு இருந்தேன், ஹார்ட் ரேட் சென்சாரும் விடாம ஓடுது. இது எல்லாம் சேந்தா பேட்டரி மடமடன்னு இறங்கும். 10%ல லோ பவர் மோடு வேணுமான்னு கேட்டுச்சு, ஓட்டத்துல அத தள்ளி விட்டுட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு வண்டிகிட்ட வந்து ஹேண்டில்ல காட்டறேன், ஒண்ணும் நடக்கல. கண்ணாடி வழியா சீட்ல போன் தெரியுது, அதுலயும் சாவி இருக்கு, ஆனா ஹேண்டில்ல இருக்கற ரீடருக்கு ஒரு நாலு சென்டிமீட்டருக்குள்ள கொண்டு போனாதானே பேசும்.

ஓரமா டீக்கடை வெச்சிருந்த அண்ணன்கிட்ட "அண்ணே ஒரு கால் பண்ணிக்கவா"ன்னு போன் வாங்கி வீட்டுக்கு கூப்டேன் (மனைவி நம்பர் மனப்பாடமா இருந்தது பெரிய விஷயம், உங்களுக்கு எத்தன நம்பர் மனப்பாடம்னு இப்பவே யோசிங்க). அவ "நான் சாவிய எடுத்துட்டு ஆட்டோல வரவா"ன்னா. அப்பதான் ஞாபகம் வந்துச்சு, வண்டி கம்பெனியோட ஆப் அவ போன்லயும் இருக்கே. "ஏம்மா, அந்த ஆப்ப திறந்து அன்லாக் போடு"ன்னேன். போட்டா. அரை நிமிஷம் ஒண்ணும் ஆகல, அப்புறம் இண்டிகேட்டர் ரெண்டு தடவ மினுக்கி கதவு திறந்துச்சு. உள்ள உக்காந்து போன எடுத்து பேட்ல வெச்சேன், ஸ்டார்ட் ஆயிடுச்சு.

இது எப்படி வேலை செஞ்சதுன்னு தெரிஞ்சா உங்களுக்கும் உதவும். ஆப்லேந்து போற அன்லாக் வாட்ச் சாவி வழியா போகாது, அவ போன்லேந்து கம்பெனி சர்வருக்கு போய், அங்கேந்து வண்டிக்குள்ள இருக்கற சிம்முக்கு வரும். அதனாலதான் அந்த அரை நிமிஷம். அதனாலயே வண்டிக்கு சிக்னல் இல்லாத இடத்துல, மாலோட ரெண்டாவது பேஸ்மென்ட் பார்க்கிங் மாதிரி இடத்துல, இது கை குடுக்காது. கதவ திறக்குமே தவிர, உள்ள உக்காந்து ஓட்டிட்டு போறதுக்கு சாவி தனியா வேணும், எனக்கு போன் உள்ள இருந்ததால தப்பிச்சேன். வாட்ச் மேலயோ வண்டி மேலயோ நான் குறை சொல்லல, நைட்டு சார்ஜ் போடாதது நான்தான்.

இன்னொரு விஷயம் பேட்டரியோட சேத்து குழப்பிக்கறாங்க. வாட்ச்ல 40% இருக்கு, ஆனாலும் கதவு திறக்கலன்னா ஸ்ட்ராப்ப பாருங்க. வாட்ச் கைய விட்டு கழண்டுடுச்சுன்னு நெனச்சா அதுவே லாக் ஆயிடும், பாஸ்கோடு போடற வரைக்கும் சாவியும் வேலை செய்யாது. திருடன் கழட்டிட்டு போனா வண்டிய எடுக்கக்கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. ஸ்ட்ராப் லூசா இருந்தாலோ மணிக்கட்டுல டாட்டூ இருந்தாலோ கைல இருக்கும்போதே இப்படி லாக் ஆகறது உண்டு, ஸ்கிரீன் மேல குட்டி பூட்டு படம் இருக்கும், கோட அடிச்சா சரியாயிடும். செத்த வாட்ச்ச சார்ஜ் போட்டு எழுப்பினாலும் இதேதான், கைல கட்டி பாஸ்கோடு போட்ட அப்புறம்தான் சாவி. எழும்பறதுக்கே சில நிமிஷம் ஆகும், உடனே வந்துடும்னு நெனக்காதீங்க.

வண்டில இருக்கற வயர்லெஸ் போன் சார்ஜிங் பேட்ல ஆப்பிள் வாட்ச் சார்ஜ் ஆகாது, அதுக்கு அதோட வட்ட காந்த சார்ஜரே வேணும். ஐபோன் 15லேந்து டைப்-சி வந்துட்டதால அந்த வட்ட சார்ஜரோட டைப்-சி ஒயர போன்லயே சொருகி வாட்ச்சுக்கு ஏத்தலாம், அந்த ஒயர் ஒண்ணு பையில இருந்தா போதும்.

வாட்ச் நல்லா இருந்து வண்டியோட 12 வோல்ட் பேட்டரி இறங்கிட்டா அப்பவும் கதவு திறக்காது, ஏன்னா ஹேண்டில்ல இருக்கற ரீடருக்கு கரண்ட் அங்கேந்துதான் வருது. வித்தியாசம் கண்டுபிடிக்கறது ஈசி, காட்டும்போது வாட்ச் ஸ்கிரீன் எரியுது ஆனா வண்டில ஒரு சலனமும் இல்ல, ரிமோட் சாவிக்கும் பதில் இல்லன்னா வண்டி பேட்டரிதான். இதுக்கு ரிமோட் சாவிக்குள்ள மடிச்சு வெச்சிருக்கற இரும்பு சாவிதான் வழி, டிரைவர் பக்க ஹேண்டில்ல ஒரு மூடிக்கு அடியில சாவித் துவாரம் இருக்கும், எங்கன்னு வீட்ல நிதானமா ஒரு தடவ தேடி பாத்து வெச்சுக்கோங்க.

என்னோட சொந்த கருத்து, வாட்ச் சாவியோட துணைக்கு பேட்டரி இல்லாத என்எஃப்சி கார்டு ஒண்ணு கண்டிப்பா இருக்கணும். டெஸ்லால அந்த கார்டு வண்டியோடயே வருது, முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவுல இருக்கற தூண்ல காட்டினா திறக்கும். வேற கம்பெனி வண்டின்னா கார்டு சாவி இருக்கான்னு டெலிவரி எடுக்கும்போதே கேளுங்க. நான் இப்ப ஓட போகும்போது கார்டதான் ஷார்ட்ஸ் ஜிப் பாக்கெட்ல போட்டுக்கறேன், வியர்வையில நனைஞ்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது.

வீட்டு லாக்குக்கு வந்தா அது இவ்ளோ சிக்கல் இல்ல, வாட்ச்ச காட்டி திறக்கற லாக்குகள்ல பெரும்பாலும் நம்பர் பேடும் இருக்கும், நம்பர அடிச்சு உள்ள போய்டலாம். அங்க கவனிக்க வேண்டியது வாட்ச்ச விட லாக்குக்குள்ள இருக்கற பேட்டரிய. அது தீர்ந்தா வெளிப்பக்கம் அடியில ரெண்டு உலோகப் புள்ளியோ ஒரு டைப்-சி ஓட்டையோ இருக்கும், புள்ளி இருந்தா 9 வோல்ட் சதுர பேட்டரிய அதுல ஒட்டி பிடிச்சுகிட்டே நம்பர் அடிக்கணும், டைப்-சின்னா பவர் பேங்க் போதும். அந்த 9 வோல்ட் பேட்டரிய வீட்டுக்குள்ள வாங்கி வெச்சு பிரயோஜனம் இல்ல, பக்கத்து வீட்லயோ வண்டி டேஷ்போர்டுலயோ வைங்க.